ப்ராசஸ்ல இருக்கு

அந்த பம்ப் கம்பெனியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'ப்ராசஸ் அக்கா' என்பார்கள். பதினோரு வருடமாக ஆள் எடுக்கும் பிரிவில் உட்கார்ந்து, கடைசி இன்டர்வியூ முடித்துவிட்டுப் போன் மேல் போன் போடுகிறவர்களிடம் "ப்ராசஸ்ல இருக்கு" என்று சொல்லிச் சொல்லியே வாங்கிய பட்டம். வீட்டில் கணவன் இன்னும் மோசம். "துணி காஞ்சுதா பாருங்களேன்" என்றால், நாற்காலியை விட்டு அசையாமல் "ப்ராசஸ்ல இருக்கு" என்பான்.

வெளியே காத்திருக்கிறவர்களுக்கு ஒரு நினைப்பு. உள்ளே பெரிய மேசையைச் சுற்றி உட்கார்ந்து மூன்று வாரமாகத் தன்னைப் பற்றியே அலசுகிறார்கள் என்று. மண்ணாங்கட்டி! இந்தத் தடவை தரப் பரிசோதனை சூப்பர்வைசர் வேலைக்கு நடந்த பேச்சு மொத்தம் இருபத்தைந்து நிமிடம். மீதி நாள் முழுக்க ஒருவருக்காக இன்னொருவர் காத்திருந்ததுதான்.

இன்டர்வியூ செய்தவர்கள் நாலு பேர். நாலு பேரும் தனித்தனியாகக் கருத்து எழுதிக் கொடுத்தால்தான் கூட்டம் போடலாம். அடுத்தவர் எழுதியதைப் பார்த்துவிட்டுத் தன் கருத்தை மாற்றக்கூடாது என்று அப்படி ஒரு விதி. நல்ல விதிதான். ஆனால் தொழிற்சாலை மேனேஜர் எழுதாமலே வெளியூர்க் கிளைக்குப் போய் எட்டு நாள் உட்கார்ந்துவிட்டார். அவர் வந்து எழுதி, கூட்டம் நடந்து, முதலிடம், இரண்டாமிடம் முடிவானது. அடுத்து எந்தச் சம்பளப் படிநிலை என்று ஒரு முடிவு. பிறகு நாலு கையெழுத்து: மேனேஜர், மனிதவளத் தலைவர், நிதிப் பிரிவு, டைரக்டர். டைரக்டர் வியாழக்கிழமைதான் கையெழுத்துப் போடுவார். நிதிப் பிரிவிலிருந்து ஃபைல் வந்தது வெள்ளிக்கிழமை. போச்சு, இன்னொரு வாரம்.

ஒருவழியாக முதலிடத்துக்காரருக்கு வேலைக் கடிதம் போனது. அவர் யோசிக்க ஒரு வாரம் கேட்டார். வாரம் முடிந்ததும் இன்னும் நாலு நாள் கேட்டார். இருக்கிற கம்பெனியில் கடிதத்தைக் காட்டிப் பேரம் பேசுகிறார் என்று ப்ராசஸ் அக்காவுக்குக் குரலிலேயே தெரிந்தது. இந்த மாதிரி எத்தனை பேரைப் பார்த்தாயிற்று!

இதற்கு நடுவில் மாட்டிக்கொண்டது இரண்டாமிடத்துப் பெண். பதினாலு வருடம் வெல்டிங் பரிசோதனை செய்தவள். அவள் வேலை பார்க்கும் தொழிற்சாலைக்கு மாதக் கடைசியில் பூட்டு. இரண்டு மணி நேர பஸ் பயணத் தூரத்தில் ஒரு சின்ன கம்பெனி அவளுக்கு வேலை கொடுத்திருந்தது. பதவி ஒரு படி கீழே. வெள்ளிக்கிழமை மாலைக்குள் சரி என்று சொல்லாவிட்டால் அதுவும் போய்விடும்.

"அந்தப் பொண்ணுகிட்ட மூச்சு விடாதே. நல்லா பேசி நிறுத்தி வை. அவன் வரலைன்னா இவ வேணும்" என்றார் மனிதவளத் தலைவர்.

"அதுக்குள்ள அவங்களுக்கு இருக்கிறதும் போயிடுமே சார்?"

"அது அவங்க பிரச்சினை. இரண்டாவது ஆளுக்கு இரண்டாவதுன்னு சொல்லக்கூடாது. உனக்குத் தெரியாதா?"

தெரியாமலா? போன வருடம் ஒரு ஸ்டோர் கீப்பரை இப்படித்தான் நிறுத்தி வைத்தாள். அந்த மனுஷன் கையில் இருந்த வேலையை விட்டுவிட்டுக் காத்திருந்தார். அப்போதைய முதலிடத்துக்காரர் வந்து சேர்ந்துகொண்டார். ஸ்டோர் கீப்பர் ஒருநாள் வரவேற்பறைக்கு வந்தார். சண்டை போடவில்லை. "அப்பவே உங்களுக்குத் தெரியுமாம்மா?" என்று மட்டும் கேட்டார். "தெரியாதுங்க" என்றாள். அந்தப் பொய் இன்னும் தொண்டையில் முள்ளாகக் கிடக்கிறது. மறுபடி ஒரு முள்ளை விழுங்க அவளால் முடியாது. விழுங்கவும் மாட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு அந்த வெல்டிங் பரிசோதகரிடமிருந்து போன் வந்தது.

"மேடம், ஒரே ஒரு கேள்வி. அங்க கையெழுத்துப் போடவா, இங்க காத்திருக்கவா? எதையாவது சொல்லுங்க. தலையே வெடிச்சிடும் போல இருக்கு."

ப்ராசஸ் அக்கா எழுந்து அறைக் கதவைச் சாத்தக்கூட இல்லை. கேட்கிறவன் கேட்கட்டும்.

"உங்களுக்கு முன்னாடி ஒருத்தர் இருக்கார். யாருன்னு கேக்காதீங்க, சொல்லமாட்டேன். அவருக்கு லெட்டர் போயாச்சு. செவ்வாய்க்கிழமை வரைக்கும் டைம். அவர் வரலாம், வராமலும் போகலாம். வரலைன்னா நீங்கதான். ஆனா உங்களுக்கு மறுபடியும் நாலு கையெழுத்து வேணும், டைரக்டர் வியாழக்கிழமைதான் போடுவார், ரெண்டு வாரமாவது ஆகும். இவ்வளவுதான் எனக்குத் தெரியும்."



"மேடம், இப்படி யாருமே சொன்னதில்ல" என்றாள் பரிசோதகர். சாயங்காலம் அந்தச் சின்ன கம்பெனியில் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

போனை வைத்ததுமே ப்ராசஸ் அக்கா நேராகத் தலைவர் அறைக்குப் போயிருந்தாள். ஒளிந்துகொள்ளும் உத்தேசம் அவளுக்கு இல்லை. "சொல்லிட்டேன் சார்" என்றாள். அவர் முகம் சிவந்தது. செவ்வாய்க்கிழமை இன்னும் சிவந்தது, ஏனென்றால் முதலிடத்துக்காரர், இருக்கிற இடத்திலேயே சம்பளம் ஏற்றிவிட்டார்கள், மன்னிக்கவும் என்று எழுதிவிட்டார்.

"பார்த்தியா! நீ வாயை மூடிட்டு இருந்திருந்தா இப்ப நமக்கு ஆள் இருந்திருக்கும்!"

அது நிஜம். அவளுக்கும் சுருக்கென்றது. ஏன் விதியை மீறினாய் என்று விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அந்த வருடப் பதவி உயர்வுப் பட்டியலில் இருந்து அவள் பெயரும் போனது. பன்னிரண்டு வரிக் கேள்விக்கு அவள் இரண்டு வார்த்தையில் பதில் எழுதினாள்: 'கேட்டார். சொன்னேன்.'

கணவன் வாசித்துவிட்டு, "மன்னிப்புன்னு ஒரு வார்த்தை சேர்த்துக்கோயேன்" என்றான்.

"எதுக்கு? நான் என்ன திருடினேனா?"

அவன் எழுந்து துணி எடுக்கப் போனான்.

இரண்டு வாரம் போனது. வேறு ஆள் கிடைக்கவில்லை. மனிதவளத் தலைவர் அவளைக் கூப்பிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, "அந்த வெல்டிங் பொண்ணைக் கூப்பிட்டுப் பாரேன். பதவி, சம்பளம் எல்லாம் சொன்ன மாதிரியே. வருவாங்களான்னு கேளு" என்றார்.

அவர் எதிரிலேயே போன் போட்டாள். விஷயத்தைச் சொன்னாள்.

"அப்ப நான் காத்திருந்தா கிடைச்சிருக்குமா மேடம்?" என்று கேட்டாள் பரிசோதகர்.

ப்ராசஸ் அக்கா போனைப் பொத்திக்கொண்டு கேள்வியைச் சொன்னதும், தலைவர் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

"ஆமா, கிடைச்சிருக்கும்" என்றாள் ப்ராசஸ் அக்கா.

"சரி விடுங்க. பஸ்ஸுல இடுப்பு ஒடியுதுதான். ஆனா நானா எடுத்த முடிவு. யாரும் என்னை ஏமாத்தல." பரிசோதகர் கொஞ்சம் நிறுத்தினாள். பிறகு குரலில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "உங்க சார்கிட்ட சொல்லுங்க, முதல்ல லெட்டர் என் கைக்கு வரட்டும். வந்தப்புறம் எங்க வீட்ல நாலு பேர் கையெழுத்துப் போடணும். என் மாமியார் வியாழக்கிழமைதான் போடுவாங்க."

ப்ராசஸ் அக்கா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனை வைத்தாள்.

"என்ன சொன்னாங்க?" மனிதவளத் தலைவர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "வர்றாங்களா? எப்ப முடிவு தெரியும்?"

அவள் தன் நோட்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"ப்ராசஸ்ல இருக்கு சார்" என்றாள்.