முந்நூறு ரிங்குக்கு இருபத்துநாலு கம்பி

எந்தக் கம்பியை எத்தனை நீளத்தில் வெட்டுவது என்று அடுத்தவர் போட்ட கம்பி ஷெட்யூலைச் சரிபார்க்கச் சொன்னால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். இன்ஜினியரிங் முடித்துச் சேர்ந்த முதல் வேலை. தூத்துக்குடிக்குத் தெற்கே, கடற்காற்று நேராக வந்து மோதும் மனையில் ஒரு டீச்சரின் சின்ன வீடு. திங்கள் காலை கூரைக் காங்கிரீட். அது தள்ளிப்போனால் காங்கிரீட் ஆட்கள் சாகுபுரம் வேலைக்குப் போய்விடுவார்கள். கிறிஸ்துமஸைப் புது வீட்டில் கொண்டாடும் டீச்சரின் ஆசையும் போய்விடும்.

ஞாயிறு மத்தியானம், பீமின் நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்குகளை வெட்டத் தொடங்குமுன் கணக்கை ஒருமுறை ஓட்டினேன். உப்புக் காற்றுக்காகக் கம்பியை மூடும் காங்கிரீட் கவர் கூடுதலாக விட்டு, ரிங்கின் முனைக் கொக்கிகளைச் சேர்த்து, வளைவுகளுக்குக் கழித்தால் ஒரு ரிங்குக்கு 924 மில்லிமீட்டர். சரிதான். முந்நூறு ரிங். எட்டு எம்எம் கம்பி மீட்டருக்கு 395 கிராம் என்றால் நூற்றுப்பத்து கிலோ போதும். வந்திருந்த இருபத்துநாலு கம்பி நூற்றுப்பதினாலு கிலோ இருக்கும்.

ஆனால் கம்பி பன்னிரண்டு மீட்டர். பதின்மூன்று ரிங் வெட்டப் பன்னிரண்டு மில்லிமீட்டர் குறைகிறது. கம்பிக்குப் பன்னிரண்டு ரிங்தான் தேறும். மிஞ்சும் துண்டு ரிங்குக்கு உதவாது. ஆக மொத்தம் பன்னிரண்டு ரிங் குறையும்.

"எடை கூடல்லா இருக்கு, தங்கச்சி. பின்ன என்னத்துக்கு மூஞ்சிய உம்முன்னு வச்சிருக்க?" என்றார் கம்பி கட்டும் அண்ணாச்சி.

"எடை போட்டு வாங்கலாம் அண்ணாச்சி. எடை போட்டு ரிங் வெட்ட முடியாதுல்லா."

விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். "கொக்கியில கொஞ்சம் கொறச்சா முடிஞ்சுது. எவன் அளக்கப் போறான்?"

"நான்தான்."

டீ கொண்டுவந்த டீச்சர் அப்படியே நின்றார். "ஒத்தக் கம்பி தானம்மா. கடையில வாங்கினா என்ன?"

"ஞாயித்துக்கெழம எவன் டீச்சர் கம்பிக் கடையத் தொறந்து வச்சிருக்கான்?" என்றார் அண்ணாச்சி.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. ஆலையில் வெட்டும்போது எல்லாக் கம்பியும் நறுக்கென்று பன்னிரண்டில் நிற்பதில்லை; சிலது இரண்டு மூன்று சென்டிமீட்டர் கூடி வரும். அப்படிப் பன்னிரண்டு கம்பி கிடைத்து, ஒவ்வொன்றிலும் பதின்மூன்றாவது ரிங் தேறினால் போதும்.

"எல்லாத்தையும் அளப்போம்."

"ஏளா, மடக்கி வந்த கம்பி. ஒவ்வொண்ணா நிமித்தணும்."

"நிமித்தாம எப்படியும் வெட்ட முடியாதே."

அவர் நிமிர்த்தினார். டேப்பின் ஒரு முனையை டீச்சர் பிடித்துக்கொண்டார். முதல் கம்பி வெறும் ஐந்து மில்லிமீட்டர் கூடுதல். டீச்சர் முகம் வாடியது. அடுத்தது முப்பத்தொன்று. "இது பாஸ்," என்று பரீட்சைத் தாள் திருத்துகிற குரலில் சொன்னார். அப்புறம் பாஸ், ஃபெயில் என்று அவரே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு போனார். டீ ஆறிப்போனதை ஒருவரும் கவனிக்கவில்லை.

பதினாலு பாஸ்.

"ரெண்டு ரிங் கூடிப்போச்சே. இத எந்தக் கணக்குல எழுதுவ?" என்றபடி அண்ணாச்சி முதல் கம்பியை வெட்டுமெஷினில் வைத்தார்.

நான் பதில் சொல்லுமுன் டீச்சர் காங்கிரீட் ஆட்களுக்குப் போன் போட்டுவிட்டார். "விடிஞ்சதும் வந்துருங்க. இங்கன எல்லாம் ரெடி."

வெட்டியது அப்போது ஒரே ஒரு ரிங்தான்.