தார் பூசாத பலகை

பழவேற்காடு தபாலாபீசில் நான் குமாஸ்தாவாக இருந்தபோது, கன்னியம்மாவைப் போலப் பயந்த மனுஷியை நான் பார்த்ததில்லை. மாதம் பிறந்தால் மீன் கூடையோடு வந்து சேமிப்புப் புத்தகத்தில் பதினைந்து ரூபாய் கட்டுவாள். அவள் புருஷன் துலுக்காணத்தின் படகு ஓட்டை. ஏரித் தண்ணீரை இறைத்துக்கொண்டேதான் முகத்துவாரம் வரை போவான். காற்று கொஞ்சம் கூடினாலும் இவள் கரைக்கு ஓடிவிடுவாள்.

1968இல் படகு கட்டும் குப்புராஜ் புதுப் படகுக்கு ஆயிரம் ரூபாய் என்று சொல்லி, பழைய படகின் உள்பலகையில் கரியால் எழுதிவிட்டுப் போனார். மாதம் அந்தப் பதினைந்தை ஐந்து வருஷம் கட்டினால் வட்டியோடு ஆயிரம் வரும். வருஷா வருஷம் தார் பூசும்போது அந்த ஒரு சாண் இடத்தை மட்டும் விட்டுவிடுவார்கள். எழுதிய விலை நிற்கும் என்று அவளுக்கு நம்பிக்கை. விலை ஏறும் என்று படித்த எனக்கும் உறைக்கவில்லை, வெட்கக்கேடு.

இரண்டு வருஷம் கழித்து ஒருநாள் முகம் வெளுத்து ஓடி வந்தாள்.

"இன்னா சார் இது! ஆயிரத்தி நூத்தி அறுபதுன்றாரு! எழுதிக் குடுத்துட்டு ஏமாத்தறாரு!"

"உன் இறால் கூறு அப்போ என்ன விலை?"

"அம்பது பைசா."

"இப்போ?"

"அறுபது. எல்லாம் ஏறிப்போச்சி, நான் இன்னா பண்றது?" சொன்ன பிறகு, "படகும் அப்டித்தானா சார்?" என்றாள்.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். படகு விலை வருஷத்துக்குக் கிட்டத்தட்ட நூற்றுக்கு எட்டு ஏறியிருக்கிறது. ஏறிய விலை மேலேயே அடுத்த ஏற்றமும் வரும். இப்படியே போனால் மீதி மூன்று வருஷத்தில் படகு ஆயிரத்து நானூற்று அறுபதைத் தொடும். அவள் கையில் இருக்கப்போவது ஆயிரம். முக்கால் படகுகூட வராது.

"அதுக்குள்ள அந்த ஓட்டையிலயே அவரு போய்ட்டா?" என்று அழுதாள்.

தனிப் புத்தகம் போட்டு மாதம் இன்னும் பன்னிரண்டு ரூபாய் கட்டச் சொன்னேன். "வருஷா வருஷம் விலையைக் கேள். கணக்கைத் திருப்பிப் போடணும்." கருவாடும் விற்க ஆரம்பித்தாள்.

1972இல் கேட்டபோது ஆயிரத்து நானூறு. நாங்கள் நினைத்ததைவிட ஐம்பது அதிகம். மாதம் இன்னொரு நாலரை ரூபாய் கூட்டிக் கட்டச் சொன்னேன். அன்று ஒரே காற்று. துலுக்காணம் இன்னும் திரும்பவில்லை. என் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, "சார், படகு வெல ஏறட்டும், அவரு வந்தா போதும்" என்று புலம்பினாள். நான் பேனாவை வைத்துவிட்டு அவளோடு கரைக்குப் போனேன். பொழுது சாய்ந்தபின் முழங்கால் அளவு தண்ணீரோடு அவன் படகு வந்தது.

அடுத்த வருஷம் ஆயிரத்து ஐந்நூற்றுப் பத்துக்குப் புதுப் படகு வாங்கினார்கள். அவளிடம் ஐந்து ரூபாய் மிச்சம். குப்புராஜ் பழக்கதோஷத்தில் உள்பலகையில் விலையை எழுதினார். கன்னியம்மா தார்ச் சட்டியை இழுத்து, எழுத்தின் மேலேயே பூசினாள்.

"இதுவும் ஒருநாள் ஒழுவும். அடுத்த ஆடிக்கி வந்து வெல கேக்கறேன்" என்றாள்.