ஞாயிற்றுக்கிழமை இல்லாத கர்ப்பம்

முதலிபாளையத்துப் பனியன் கம்பெனி ஒன்றில் எனக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்திருக்கும் சுரேந்தரைப் போல நல்ல மனிதரைப் பார்ப்பது கஷ்டம். அவரோடு ஒரே வீட்டில் குடியிருப்பது அதைவிடக் கஷ்டம். மண்ணரையில் அவர் கீழ் வீடு, நானும் என் வீட்டுக்காரரும் மாடி வீடு. ஆகவே ஆபீஸிலும் அவர், ஊட்டிலும் அவர். நான் விருதுநகர்ப் பக்கம். இந்தப் பத்து வருஷத்தில் எனக்கும் வீடு ஊடாகிவிட்டது, என்ன செய்ய.

சுரேந்தர் மெர்ச்சண்டைசர். சரக்குக் கப்பலேறும் தேதியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே நடக்கிற வேலை அது. கப்பல் இந்தத் தேதியென்றால் பேக்கிங் எப்போது, தையல் எப்போது, துணிக்குச் சாயம் எப்போது என்று எண்ணிக்கொண்டே போக வேண்டும். அதற்காக எக்செல்லில் அவரே ஒரு ஷீட் போட்டு வைத்திருக்கிறார். கடைசித் தேதியையும், அதற்கு எத்தனை நாள் முன்னால் என்பதையும் கொடுத்தால் போதும், தேதியும் கிழமையும் வந்து விழும். அதைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் டீ ஆறிப்போகும்.

பங்குனிக் கடைசியில் அவர் மனைவி சுபஸ்ரீ உண்டாகியிருப்பது தெரிந்தது. ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா பிரசவத் தேதி நவம்பர் இருபத்தாறு, புதன்கிழமை என்று சொல்லிவிட்டார். கர்ப்பத்தை மூன்று பங்காக்கி ட்ரைமெஸ்டர் என்பார்களே, அதில் இரண்டாவது எப்போது, மூன்றாவது எப்போது என்று சுரேந்தர் நர்ஸ் ஞானாம்பாளை நச்சரித்தார்.

"ரொம்பச் சுலபமுங்க சார். பிரசவத் தேதியில இருந்து பன்னெண்டு வாரம் பின்னாடி போனா மூணாவது தொடங்குற நாளு. இருபத்தாறு வாரம் பின்னாடி போனா ரெண்டாவது தொடங்குற நாளு. அவ்ளோதானுங்க" என்றாள் அவள்.

பின்னாடி போவதா! கரும்பு தின்னக் கூலியா வேண்டும்? வாரத்தை ஏழால் பெருக்கினார். எண்பத்து நாலு, நூற்று எண்பத்திரண்டு. கப்பல் தேதி இருக்க வேண்டிய கட்டத்தில் பிள்ளை பிறக்கும் தேதியைப் போட்டுத் தட்டினார். இரண்டாவது ஏப்ரல் இருபத்தெட்டு, திங்கள். மூன்றாவது ஆகஸ்ட் இருபது, புதன். பிரிண்ட் எடுத்து ஃப்ரிட்ஜில் ஒட்டியும் விட்டார்.

ஏப்ரல் இருபத்தெட்டு வந்தது. இரண்டாவது தொடங்கினால் வாந்தி அடங்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மனுஷன் ஆபீஸிலிருந்து நேராக மட்டன் பிரியாணி வாங்கிக்கொண்டு போனார். "இன்னியோட வாந்தி முடிஞ்சுதுங் கண்ணு" என்று பொட்டலத்தை அவள் மூக்குக்கு நேராகப் பிரித்தார். அவள் நேராக அவருடைய புது ஷூவுக்குள் வாந்தி எடுத்தாள். மாடியில் நின்று நான் சிரித்த சிரிப்பில் எனக்கு வயிறு பிடித்துக்கொண்டது. அதற்கப்புறம் ஒரு மாசத்துக்கு மேல் அந்த ஊட்டில் தாளிக்கவே முடியவில்லை. அப்போதாவது இவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? ஷீட் தப்பாகாதாம். உடம்புதான் லேட்டாம்.

இதெல்லாம் சிரிப்போடு போயிருக்கும். ஆனால் ஆகஸ்ட் இருபத்தெட்டு சுபஸ்ரீயின் ஒரே தம்பி அருண்குமாருக்குக் கல்யாணம். அமராவதி நகர் பக்கம் அவளுடைய அம்மா வீடு, இங்கிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். இந்தப் பக்கத்துக் கவுண்டர் வீடுகளில் மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து இணைச்சீர் செய்துகொள்வாள். அன்றைக்கு அவளுக்குத்தான் மரியாதை. வயிற்றுப்பிள்ளையோடு வந்தாலும் அவளே உட்காரட்டும் என்று பெரியவர்கள் ஒத்துக்கொண்டார்கள். சுபஸ்ரீ பட்டும் எடுத்தாயிற்று.

சுரேந்தர்தான் குறுக்கே விழுந்தார். மூன்றாவது தொடங்கிவிட்டால் தூரமாகப் போவதற்கு முன் தன்னைக் கேட்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். இவர் அதைப் 'போகவே கூடாது' என்று எடுத்துக்கொண்டார். இருபதாம் தேதியே மூன்றாவது தொடங்கிவிட்டதாம். மாமியாருக்கே போன் போட்டு, "சுபா வரமாட்டாளுங்க" என்று சொல்லிவிட்டார். அங்கே சித்தி மகள் கீர்த்தனாவை உட்கார வைப்பதாகப் பேச்சு. கீர்த்தனா ஜாக்கெட்டுக்கு அளவு கொடுத்துவிட்டாள் என்று கேட்டதும் சுபஸ்ரீ படியேறி வந்து என் மடியில் விழுந்து அழுதாள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஃப்ரிட்ஜையே தூக்கிப் போட்டிருப்பேன்.

"திங்கக்கிழமை செக்கப்புங்க்கா. நீங்களும் வாங்க, அந்த மனுஷனோட என்னால பேச முடியலீங்க" என்றாள்.

போனேன். ஞானாம்பாள் கர்ப்ப வாரம் பார்க்கிற தன் வட்ட அட்டையைத் திருகிப் பார்த்து, "இருபத்தாறு வாரம் அஞ்சு நாளுங்க" என்று எழுதினாள்.

"மூணாவது தொடங்கிருச்சுங்களே!" என்றார் சுரேந்தர்.

"எங்கீங்க சார்? இருபத்தெட்டு வாரம் முடியோணும். செப்டம்பர் மூணாந் தேதிதானுங்க தொடங்குது."

"உங்க அட்டை பழசுங்க. மாத்துங்க." சொல்லிவிட்டுப் போனில் ஷீட்டைத் திறந்து அவள் முகத்துக்கு நேராக நீட்டினார். சாயம் ஒட்டாத துணிக்கு டையிங்காரரிடம் சண்டை போடுகிற அதே முகம். எனக்கு மானம் போயிற்று.

அந்தப் போனைச் சுபஸ்ரீ வாங்கிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏனுங்க, பிரசவத் தேதி என்ன கிழமைங்க?"

"புதன்."

"புதன்ல இருந்து முழு முழு வாரமாப் பின்னாடி போனா என்ன கிழமைங்க வரோணும்?"

"புதன்தான் வரும், வேறென்ன?"

"அப்பறம் ரெண்டாவது தொடங்கின நாளுன்னு இதுல திங்கக்கிழமை எப்படீங்க வந்துச்சு?"

சுரேந்தர் சுவரில் தொங்கிய காலண்டரைக் கழற்றிக்கொண்டு விரலால் பின்னாடி போனார். மூன்றாவது செப்டம்பர் மூன்று, புதன். இரண்டாவது மே இருபத்தெட்டு, அதுவும் புதன். எனக்குச் சட்டென்று உறைத்தது.

"ஏங்க சுரேந்தர், உங்க ஷீட்டுல ஞாயித்துக்கிழமை உண்டா?"

"கம்பெனி லீவாச்சே, அதைக் கணக்குல சேக்காம ஷீட்டு தாண்டிப்..."

ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் தாண்டித் தாண்டிப் போனதில் மூன்றாவது இரண்டு வாரம் முன்னாலும், இரண்டாவது ஒரு மாதம் முன்னாலும் போய் விழுந்திருந்தன. ஞானாம்பாள் அட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அடப்பாவி மனுஷா, அந்தப் பிரியாணி! சுபஸ்ரீ மட்டும் சிரிக்கவில்லை.

"நாயித்துக்கிழமை உங்க புள்ளைக்கும் லீவுங்களா?" என்று கேட்டாள். கண்ணில் தண்ணீர் தளும்பியது. "எந் தம்பி பக்கத்துல வேறொருத்திய உக்கார வெக்கப் பாத்தீங்களேங்க!"

சுரேந்தர் போனை எடுத்து மாமியாரைக் கூப்பிட்டார். "அத்தை, தப்பு என்னுதுங்க. சுபாதானுங்க உக்காருவா. கீர்த்தனா ஜாக்கெட்டுக்கு நானே காசு குடுத்தர்றேனுங்க" என்றார். டாக்டரம்மாவும் பார்த்து, நன்றாக இருக்கிறது, நடுவில் நிறுத்தி நிறுத்திப் போங்கள் என்று சொல்லிவிட்டார். சுரேந்தர் வேகத்தடைக்கெல்லாம் காரை நிறுத்தினாராம், அது வேறு கதை. இணைச்சீரில் சுபஸ்ரீ உட்கார்ந்திருந்த போட்டோ வந்தது. மாப்பிள்ளையைவிட அவள் முகத்தில்தான் களை.

ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்தார்கள். துணி காயப்போட இறங்கியபோது பார்த்தேன். சுரேந்தர் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் அவள். திடீரென்று அவர் கையை இழுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். உள்ளேயிருந்து நன்றாக ஒரு உதை விழுந்திருக்க வேண்டும், மனுஷன் துள்ளிவிட்டார்.

"வேலை நடக்குது பாத்தீங்களா?" என்றாள் சுபஸ்ரீ. "இதையும் எழுதிக்கோங்க மாமா, இன்னிக்கு நாயித்துக்கிழமை."