அறுபது ரூபாய்த் தள்ளு

ஆடிக் கிருத்திகை அன்று விடிகாலையில் ஆதிகேசவன் பொன்னேரியை விட்டுக் கிளம்பினார். குடும்பத்தோடு திருத்தணிக்குக் காவடி எடுக்கப் போவதாகச் சொன்னார். காவடியோடு ஆட்டுக்கல்லும் வண்டியில் ஏறியது. கிருத்திகை ஜனம் முழுக்கப் பட்டணம் போகும் ரயிலுக்குக் காத்திருக்க, அவர் மட்டும் எதிர்ப்பக்கம் கூடூர் பாசஞ்சரில் ஏறினார். அது 1968. ஆந்திராவுக்குத் திருத்தணி எப்போது மாறிப் போனது என்று யாரும் கேட்கவில்லை.

பழவேற்காட்டில் மீன் வாங்கி, பொன்னேரி சந்தையில் விற்கும் செங்கம்மாளுக்குச் சாயங்காலம்தான் விஷயம் தெரிந்தது. அவளும் அவரிடம் சீட்டுப் போட்டவள். இருபது பேர், மாதம் பத்து ரூபாய், இருநூறு ரூபாய் ஏலச்சீட்டு. ஐந்தாம் மாதப் பணத்தை ஏலம் விடுமுன்பே வசூலித்துக்கொண்டு அவர் போய்விட்டார்.

அவளைச் சீட்டில் சேர்த்ததும் அவர்தான். அப்போது அவள் வட்டிக்காரன் லோகநாதனிடம் தண்டல் கடன் வாங்கியிருந்தாள். கையில் தருவது தொண்ணூறு. திருப்புவது தினம் ஒரு ரூபாயாக நூறு நாள்.

"பத்து ரூபா தானேன்னு நெனைக்கிற," என்றார் ஆதிகேசவன். "அம்பதாம் நாளே பாதிய கட்டிட்ட. ஆனா வட்டி முழுசுக்கும். கணக்கு பாத்தா அவன் பணம் உன் கையில சராசரியா நாப்பத்தஞ்சு தாம்மே இருக்குது. அதுக்கு வருசத்துல முப்பத்தாறு ரூபா அழுவுற."

செங்கம்மாள் மலைத்துப் போனாள். இவ்வளவு நியாயமான மனுஷன் ஏமாற்றுவானா என்று அன்றே சேர்ந்தாள்.

முதல் மாதச் சீட்டு வழக்கப்படி அவருக்கே. இரண்டாம் மாதம் ஏலம். அங்கேதான் வினை. பழவேற்காட்டுக் கரையில் மீன் ஏலத்தில் அவளை யாரும் மிஞ்சியதில்லை. எதிரே உட்கார்ந்திருந்ததோ அவளுடைய பரம எதிரி கோவிந்தம்மா. "பத்து" என்றாள் கோவிந்தம்மா. "இருபது" என்றாள் இவள். "நாப்பது!" இவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "அறுபதுடீ!" என்றாள். கோவிந்தம்மா வாயை மூடிக்கொண்டாள்.

செங்கம்மாள் வெற்றியோடு சுற்றிலும் பார்த்தாள். எல்லாரும் சிரித்தார்கள். மீன் ஏலத்தில் அதிகம் கேட்பவள் மீனை எடுப்பாள். சீட்டு ஏலத்தில் கேட்கும் தொகையோ, எடுப்பவள் தன் பணத்தில் விட்டுக்கொடுக்கும் தள்ளு. இருநூறில் அறுபது போயிற்று, கமிஷன் பத்து போயிற்று, கைக்கு வந்தது நூற்றுமுப்பது. அந்த அறுபது ரூபாய் இருபது பேருக்கும் பங்காகி, அந்த மாதம் ஆளுக்கு ஏழு ரூபாய்தான் கட்ட வேண்டியிருந்தது.

"உன் புண்ணியத்துல எனக்கு மூணு ரூபா லாபம்டீ," என்றாள் கோவிந்தம்மா. மூன்று மாதம் கரையெல்லாம் இதே பேச்சு.

ஆனாலும் அந்தப் பணத்தில் அவள் தண்டல் பாக்கியை அடைத்து, மிச்சத்தை மீன் வாங்க முதலாக வைத்துக்கொண்டாள். லோகநாதன் சைக்கிள் மணி அவள் வீட்டு வாசலில் அடிப்பதே நின்றது.

ஆதிகேசவன் ஓடியதும் கணக்கு தலைகீழானது. ஒன்றும் எடுக்காத பதினாறு பேர், ஆளுக்கு நாற்பது ரூபாய்க்கு மேல் இழந்து, அவள் வீட்டு முன்னால் நின்றார்கள். பணம் எடுத்தவர்கள் இன்னும் இரண்டு பேர். ஒருவர் பட்டணத்துக்குப் போய்விட்டார். இன்னொருவர் எடுக்கவேயில்லை என்று சத்தியம் செய்தார்.

"நீ துட்டு எடுத்துட்ட. பாக்கிப் பதினஞ்சு மாசம் யாரு கட்டுவா?" என்றாள் கோவிந்தம்மா. "கட்டலன்னா கரையில ஏலத்துக்கு வராத."

கரைக்குப் போகாவிட்டால் மீன் இல்லை. மீன் இல்லாவிட்டால் மறுபடி லோகநாதன். செங்கம்மாள் மீன் கூடையைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"எடுத்தது நானு. கட்டுறேன். ஆனா அந்தப் பேமானிக்கு இல்ல. மாசம் பத்து ரூபா, உங்கள்ல ஒருத்தருக்கு. சீட்டு குலுக்கி எடுத்துக்கோங்க."

"ஏலம்?" என்றது ஒரு குரல்.

"ஏலம்னு வாயத் தொறந்தீங்க, கூடையாலயே அடிப்பேன்."

சொன்னபடி பதினைந்து மாதம் கட்டினாள். பதினைந்து பேருக்குப் பத்துப் பத்து ரூபாய் திரும்பியது. பதினாறாவதாக, குலுக்கலில் கடைசி வரை பேர் வராமல் மிஞ்சியவள் கோவிந்தம்மா.

"இன்னாடீ, எனக்கு?" என்றாள்.

"உனக்குத்தான் என் புண்ணியத்துல மூணு ரூபா லாபம் ஆச்சே!"

ஏழு வருஷம் கழித்து, கரையில் ஏலம் நடக்கும்போதே தபால்காரர் ஒரு கார்டைக் கொண்டுவந்து எல்லார் காதிலும் விழும்படி படித்தார்:

"திருமதி செங்கம்மாள் அவர்களுக்கு ஆதிகேசவன் எழுதிக்கொண்டது. இங்கு நலம். நம் சீட்டில் ஆறாம் தவணை முதல் தங்கள் பாக்கி நூற்றைம்பது ரூபாய் இன்னும் வந்து சேரவில்லை. தாமத வட்டியை விட்டுக்கொடுத்திருக்கிறேன். உடனே நெல்லூர் விலாசத்துக்கு மணியார்டர் செய்யவும். இங்கே புதுச் சீட்டு ஒன்று தொடங்கியிருக்கிறேன். தங்களுக்கு ஓர் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன். தங்களைப் போல் ஏலம் கேட்பவர்கள் இந்த ஊரில் கிடைக்கவில்லை."