பூட்டிய கேட்டுக்குள் ஒரு மீட்டர்

ஆளில்லாத அறையில் மின்விசிறி ஓடினால் அவருக்கு வயிறு எரியும். அதனால் தெருவே அவரை ‘சுவிட்ச் மாமா’ என்றது. போன மாதம் வீட்டில் விசிறியே ஓடவில்லை. மனைவி அட்டையால் வீசிக்கொண்டு அவரை முறைத்தாள். அப்படியும் பில்லில் பழையபடி இருநூற்றுப்பத்து யூனிட். மாமா மின்சார அலுவலகத்துக்கே போய்விட்டார்.

“கண்ண மூடிக்கிட்டு எழுதுறீங்களாம்மா?”

கவுண்டர் பெண் பில்லில் விரல் வைத்தாள். “இந்த மாச ரீடிங் காலியா இருக்கு பாருங்க. கேட்டு பூட்டியிருந்ததால இதுக்கு முந்தின பில்லோட யூனிட்டையே போட்டிருக்கோம். அடுத்த தடவை மீட்டரப் பாத்ததும் கூடுதலா கட்டினது கழிஞ்சிடும்.”

“இந்த அம்பது எதுக்கு?”

“நிலைக் கட்டணம். ஒரு லைட்டுகூடப் போடலேன்னாலும் உண்டு.”

“மீட்டரப் பாக்காம நான் கட்ட மாட்டேன்!”

“பதினெட்டாம் தேதி கடைசி நாள் சார். தாண்டினா அபராதம். அது கழியாது.”

அபராதம் என்றதும் மாமாவின் கை தானாகப் பைக்குள் போனது.

பணத்தை வாங்கிக்கொண்டு அவள் கேட்டாள்: “ரீடிங் எடுக்கிறவர் உங்க தெருவுலதான் இருக்கார். இப்பவே பாக்கச் சொல்லட்டுமா? வீட்டுல ஆள் இருக்கா?”

“பொண்டாட்டி இருக்கா. சொல்லுங்க!”

போனில் பேசிவிட்டு அவள் நிமிர்ந்தாள்.

“கேட்டு பூட்டியிருக்காம். சாவி உங்க இடுப்புலதான்னு அம்மா ஜன்னல் வழியா சொன்னாங்களாம். நீங்க வர்ற வரைக்கும் விசிறிய ஃபுல்லா வெச்சிருக்கேன்னும் சொல்லச் சொன்னாங்க.”