படம் நின்ற பிறகு

ஒரகடத்தில் நான் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தபோது, பக்கத்துத் தெரு ஆயா ஒரு கடிதத்தோடு வந்தார். சிங்கப்பூரிலிருந்து பேரன் எழுதியது. நான்தான் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

"ஆயா, கம்ப்யூட்டர்ல என் மூஞ்சி உனக்குத் தெரியும், உன் மூஞ்சி எனக்குத் தெரியும். நடுவுல படம் அப்படியே நின்னுடும். பயந்து எழுந்துடாதே, குரல் வந்துகினேதான் இருக்கும்."

அவன் குறித்திருந்த ஞாயிற்றுக்கிழமை, ஆயாவுக்கு ஹெட்போனை மாட்டி, மைக்கை வாயருகே இழுத்துவிட்டேன். பத்தே நிமிடத்தில் படம் நின்றது. ஆயா அசையவில்லை, திரையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அதற்குள் ஷிஃப்ட் முடிந்த பையன்கள் மெயில் பார்க்க வந்து நின்றுவிட்டார்கள். கடிதம் எனக்கு எங்கே நினைவிருந்தது? ஆயா காதில்தான் ஹெட்போன் இருக்கிறதே என்ற தைரியத்தில், அவர் தோளுக்கு மேல் குனிந்து மவுஸை ஆட்டிக்கொண்டே பையன்களிடம் சொன்னேன்.

"லைன் போய் எவ்ளோ நேரமாவுது, கெழவி சும்மா குந்திகினு கீது. இதோ வெரட்டி வுடறேன்."

ஆயா ஹெட்போனைக் கழற்றி மெதுவாக மேசையில் வைத்தார்.

"எழுந்துக்கறேம்பா. அவன் பேசிகினுதான் இருந்தான். வெரட்ட வேணாம்னு உன்னாண்ட சொல்லச் சொன்னான்."