மூன்று புள்ளிக்குள் போன பதில்கள்

பட்டு நெய்யும் என் தம்பிக்காக, சென்னைக் கடைக்காரம்மாவின் மின்னஞ்சலுக்கு நான்தான் பதில் எழுதினேன். நீளமான கேள்விப் பட்டியல். கேட்ட வரிசையிலேயே, அவருடைய கடிதத்துக்குள்ளேயே ஒவ்வொரு கேள்விக்கும் அடியில் பதிலைத் தட்டினேன். கரை அகலம், ஜரிகை, தரும் தேதி, எதையும் விடவில்லை. உச்சியில் ‘பதில்கள் கீழே’ என்று ஒரு வரி.

மறுநாள், ‘ஒன்றுக்கும் பதில் இல்லையே?’ என்று எழுதியிருந்தார். அவருடைய கைப்பேசி, பதிலோடு திரும்பி வந்த பழைய கடிதத்தை ‘...’ என்று மூன்று புள்ளிக்குள் மடித்துவிட்டது. என் பதில்களும் அதற்குள்ளேயே.

“தறி சும்மா கெடக்குது, பேஜாரா கீதுண்ணா. ஜல்தியா போன்ல சொல்லேன்,” என்றான் தம்பி.

“பேசினா நாளைக்கு மாத்திடுவாங்கடா. எழுத்துல இருக்கட்டும்.”

புள்ளியைத் தொடச் சொல்லி எழுதினேன். அதே பட்டியல் திரும்பி வந்தது, தலையில் ஒரு புதுக் கேள்வியோடு: ‘உங்களுக்கு ஆர்டர் வேண்டுமா, வேண்டாமா?’

அதனடியில் ‘வேண்டும்’ என்று தட்டிவிட்டு, இரண்டாவது கேள்விக்கு இறங்கினேன்.